கையுறை முதலில், கவுன் பிறகு

“கவுனை அகற்றுவதற்கு முன் கையுறைகள் அகற்றப்பட்டு கை சுகாதாரம் மேற்கொள்ளப்பட வேண்டும்.”

இந்த வாக்கியத்தில் மருத்துவப் பிழை கிடையாது. இலக்கணப் பிழையும் கிடையாது. தென்மாவட்டத்து மருத்துவமனை ஒன்றில், தொற்று நோயாளிகளுக்கான தனி அறையின் கதவில் உள்பக்கமாக இதை ஒட்டியிருந்தார்கள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதமே ஆன சிஸ்டர் ஒருவர் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் பாதுகாப்பு உடையைக் கழற்றினார். நான் வெளியே நின்று கண்ணாடி வழியாகக் கவனித்துக்கொண்டிருந்தேன். காகிதத்தை ஒருமுறை பார்த்தார். கை நேராகப் பிடரிக்குப் போனது. கவுன் முடிச்சை அவிழ்த்தார். நோயாளியைத் தொட்ட கையுறை அப்போதும் கையில்தான் இருந்தது. அதன் விரல் நுனிகள் அவருடைய கழுத்தில் பட்டதை என்னால் பார்க்க முடிந்தது.

வெளியே வந்ததும் கேட்டேன். “அதுல கவுன்தானே சார் முதல்ல போட்டிருக்கு?” என்றார்.

அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த வாக்கியத்தில் கவுன்தான் முதலில் வருகிறது. ஆங்கில மூலத்தில் கையுறை முன்னால் நின்று, ‘கவுனுக்கு முன்’ என்ற பகுதி வாலாகப் பின்னால் வந்திருந்தது. படிக்கிற வரிசையும் செய்கிற வரிசையும் அங்கே ஒன்று. தமிழில் ‘முன்’ வந்தால் அது சார்ந்த பகுதி வாக்கியத்தின் தலைக்கு வந்துவிடும். மொழிபெயர்த்தவர் சரியாகத்தான் மொழிபெயர்த்திருக்கிறார், வரிசை மட்டும் தலைகீழாகிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து படிக்கிறவர் வாக்கியத்தை முடித்துவிட்டுப் பொருள் எடுத்துக்கொள்வார். மூச்சு முட்டும் மாஸ்க்கும் வேர்வையில் மங்கிய கண்ணாடியுமாக நிற்கிறவர் முதல் இரண்டு சொல்லைப் பார்ப்பார், அதற்குள் கை வேலையை ஆரம்பித்துவிடும்.

அந்த மருத்துவமனையின் தொற்றுத் தடுப்பு நர்ஸ் எனக்குப் பழக்கமானவர். “மூணு பக்கம் இருக்கு. பாதிப் பேர் படிக்கிறதில்ல, படிக்கிறவங்க தப்பாப் படிக்கிறாங்க. தமிழைக் கொஞ்சம் சரி பண்ணித் தாங்க” என்று கூப்பிட்டிருந்தார். ஒரு மதியத்தில் முடிந்துவிடும் என்று நினைத்துப் போனேன். மூன்று வாரம் ஆனது.

கழற்றுவதற்கு ஏன் இத்தனை கெடுபிடி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உடையைப் போடும்போது எல்லாமே சுத்தமாக இருக்கும். கவுன், மாஸ்க், கண்ணாடி, கடைசியாகக் கையுறை என்று போடுவார்கள். வரிசை சற்றுத் தவறினாலும் பெரிய ஆபத்தில்லை, திரும்பப் போட்டுக்கொள்ளலாம். கழற்றும்போது வெளிப்பக்கம் முழுக்க அழுக்கு, உள்பக்கம் சுத்தம். அதிக அழுக்கு கையுறையில். அதற்கடுத்து கவுனின் முன்பக்கமும் கைப்பகுதியும். அழுக்கான ஒன்றால் சுத்தமான ஒன்றைத் தொடாமல் வெளியே வருவதுதான் வேலையே. மாஸ்க்கை மட்டும் கடைசிவரை விட்டுவைப்பதற்குக் காரணம், காற்றில் பரவும் நோயாக இருந்தால் அறையின் காற்றே அழுக்கு என்பதுதான்.

பழகியவர்களே இதில் சறுக்குகிறார்கள். அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் நான்கு மருத்துவமனைகளின் ஊழியர்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது, 2015-இல் வெளியானது. புற ஊதா விளக்கில் ஒளிரும் களிம்பைக் கையுறையிலோ கவுனிலோ பூசிக்கொண்டு, வழக்கம்போல் கையுறையையும் கவுனையும் கழற்றச் சொன்னார்கள். 435 முறை கழற்றியதில் 200 முறை களிம்பு அவர்கள் தோலிலோ உடுப்பிலோ ஒட்டியிருந்தது. கவுனைக் கழற்றும்போது ஒட்டியதைவிட, கையுறையைக் கழற்றும்போது ஒட்டியது அதிகம்.

அதற்கு முந்தைய ஆண்டு டல்லாஸ் நகரில் எபோலா நோயாளி ஒருவரைக் கவனித்த இரண்டு நர்ஸுகளுக்கு அந்த நோய் தொற்றியது. எந்த நொடியில் தொற்றியது என்பது உறுதியாகவில்லை. ஆனால் 2014 அக்டோபரில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தன் வழிமுறையைத் திருத்தியபோது கழற்றும் கட்டத்தில்தான் இறுக்கிப் பிடித்தது. உடையை யாரும் தனியாகக் கழற்றக் கூடாது. பயிற்சி பெற்ற இன்னொருவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு படியையும் உரக்கப் படிக்க வேண்டும். படித்ததை மட்டும் இவர் செய்ய வேண்டும். இப்படி உரக்கப் படிக்க வேண்டும் என்றாலே ஒரு காகிதத்தின் லட்சணம் தெரிந்துவிடும். எங்கள் மூன்று பக்கத்தை நானும் சிஸ்டரும் மாறி மாறி உரக்கப் படித்துப் பார்த்தோம். மூச்சு விட இடம் இல்லை.

முதல் பக்கம் முழுக்க நோக்கம், வரம்பு, பொறுப்பு. இது தணிக்கைக்கு வருகிறவர்களுக்கு வேண்டியது, கதவில் ஒட்ட வேண்டியதில்லை. அதை எடுத்து ஃபைலில் வைத்தோம். இரண்டாவது பக்கத்தில் கழற்றுவதற்கு இரண்டு வழிகள் இருந்தன. அமெரிக்க மையமே இரண்டு வழிகளைத் தந்திருக்கிறது. ஒன்றில் கையுறை, கண்ணாடி, கவுன், மாஸ்க் என்று தனித்தனியாகப் போகும். மற்றதில் கவுனை முன்பக்கமாகப் பிடித்து இழுத்து, கவுனும் கையுறையும் ஒன்றாகச் சுருண்டு வரும்படி கழற்றுவார்கள். இரண்டுமே சரி. இரண்டையும் ஒரே காகிதத்தில் போட்டதுதான் வினை. பாதி இதிலும் பாதி அதிலுமாகச் செய்கிறவர்களை நானே பார்த்தேன். இரண்டாவது வழிக்கு, இழுத்தால் முடிச்சு அறுந்து வருகிற கவுன் வேண்டும். இந்த மருத்துவமனை வாங்குவதில் முடிச்சு அறுவதில்லை. எதை வைப்பது என்ற கேள்வி அத்துடன் தீர்ந்தது.

மூன்றாவது பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில், ‘குறிப்பு’ என்று ஒன்று. அந்த வாரம் அறையில் இருந்தவர் சின்னம்மை நோயாளி. சின்னம்மை காற்றிலும் பரவும், தொட்டாலும் பரவும். ஏற்கெனவே அம்மை வந்தவர்களோ தடுப்பூசி போட்டவர்களோ இருக்கும்போது, எதிர்ப்பு சக்தி இல்லாதவர் அந்த அறைக்குள் போகவே கூடாது. குறிப்பு இதைத்தான் சொல்லியது. உடை போட்டு, உள்ளே போய், வேலை முடித்து, கழற்றி, கை கழுவி முடித்த பிறகு வருகிற இடத்தில்! இப்போது அது அறைக்கு வெளியே, உடை போடும் காகிதத்தின் முதல் வரி. ‘உள்ளே சின்னம்மை நோயாளி என்றால்: உங்களுக்கு அம்மை வந்ததில்லையா, தடுப்பூசியும் போடவில்லையா? உள்ளே போகாதீர்கள். பொறுப்பு சிஸ்டரைக் கூப்பிடவும்.’ நிபந்தனை முதலில், செய்ய வேண்டியது பிறகு. தமிழ் வாக்கியத்துக்கு இந்த வரிசை இயல்பாகவே வரும். சட்டப் பத்திரம் போல எழுத ஆரம்பித்தால்தான் கெட்டுப்போகிறது.

தமிழுக்கு இன்னொரு வசதி உண்டு. அதிலேயே ஒரு பொறியும் உண்டு. செய்து, எடுத்து, போட்டு என்று எச்சமாக அடுக்கிக்கொண்டே போனால் காலவரிசை தானாக அமைந்துவிடும். அதனால் ‘முன்’, ‘பின்’ என்று வருகிற வாக்கியங்களையெல்லாம் கலைத்து எச்சமாக்கினேன். சந்தோஷமாக இருந்தது. “கையுறைகளை உரித்து, சிவப்புத் தொட்டியில் போட்டு, கைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்து, கண்ணாடியைப் பின்னாலிருந்து எடுத்து, கவுன் முடிச்சை அவிழ்க்கவும்.” வரிசை கச்சிதம். சிஸ்டர் இதை ஒரு ஊழியரிடம் கொடுத்துச் செய்யச் சொன்னார். கையைச் சுத்தம் செய்யாமலே அந்த அம்மா கண்ணாடிக்குப் போய்விட்டார். ஐந்து வேலைக்கு ஒரே ஒரு முற்று வினை. நடுவில் இருப்பவை வழிப்போக்கில் சொன்னவை போல ஆகிவிடுகின்றன. காகிதத்திலிருந்து கண்ணை எடுத்துத் திரும்ப வைக்கும்போது எந்த எச்சத்தில் நின்றோம் என்பதும் தெரியாது.

ஆகவே ஒரு வரிக்கு ஒரு வேலை, ஒவ்வொரு வரிக்கும் எண், வரியின் முடிவில் ‘-வும்’. ‘அகற்றப்பட வேண்டும்’ எல்லாம் போய்விட்டது. யாரால் அகற்றப்பட வேண்டும் என்று அது சொல்வதே இல்லை.

சொற்களிலும் தகராறு இருந்தது. வார்டில் மூன்று மடிப்பு மாஸ்க்கும் மாஸ்க்தான், என்-95-உம் மாஸ்க்தான். முகத்தை மூடும் பிளாஸ்டிக் தகட்டைக் காகிதம் ‘முகக்கவசம்’ என்றது. கொரோனா காலத்தில் அரசு விளம்பரங்கள் எல்லாம் மாஸ்க்கைத்தான் முகக்கவசம் என்றன. நல்ல தமிழ் வேண்டும் என்பதில் எனக்கும் ஆசைதான். ஆனால் இந்தக் காகிதத்தில் வார்டில் புழங்குகிற சொல்லே இருக்கட்டும் என்று ‘என்-95’ என்றே எழுதினோம். ‘கை சுகாதாரம்’ இன்னும் மோசம். அது ஹேண்ட் ரப்பா, சோப்பும் தண்ணீருமா? பெரும்பாலும் ஆல்கஹால் கலந்த ஹேண்ட் ரப் போதும். உலக சுகாதார நிறுவனம் 20 முதல் 30 விநாடி தேய்க்கச் சொல்கிறது. கையில் அழுக்கு கண்ணுக்குத் தெரிந்தாலோ, சில வகைக் குடல் தொற்று உள்ள நோயாளியைத் தொட்டிருந்தாலோ சோப்பு போட்டுத்தான் கழுவ வேண்டும். அந்தக் கிருமிகளின் வித்துகளை ஆல்கஹால் கொல்வதில்லை. இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு வேறு நிறத்தில் தனிக் காகிதம் அச்சிட்டோம். ஒரே காகிதத்தில் ‘தேவைப்பட்டால்’ போட்டு இரண்டையும் அடக்கப் பார்க்கவில்லை.

மூன்று பக்கத்தில் ‘தொடாமல்’, ‘படாமல்’, ‘முறையாக’ என்ற மூன்று சொற்கள் மட்டும் எண்ண முடியாத அளவுக்கு இருந்தன. ‘கையுறையின் வெளிப்பக்கம் தோலில் படாமல் முறையாகக் கழற்றவும்.’ சரி, எங்கே பிடிப்பது? தொடக் கூடாத இடத்தைச் சொல்லிவிட்டு, தொட வேண்டிய இடத்தைச் சொல்லாமல் விட்டால் கை அதற்குத் தெரிந்த இடத்துக்குப் போகும். பெரும்பாலானோர் விரல் நுனியைப் பிடித்து இழுத்தார்கள். ரப்பர் நீண்டு, படீரென்று விட்டு, தெறித்தது. இந்த ஒரு வரி இப்போது நான்கு வரிகள்:

1. வலது கையால், இடது கையுறையை உள்ளங்கை நடுவில் பிடிக்கவும்.
2. விரல் பக்கமாக மெதுவாக உரிக்கவும். உரித்ததை வலது கைக்குள் சுருட்டி வைக்கவும்.
3. இடது கை விரலை, வலது மணிக்கட்டில் கையுறைக்கு அடியே நுழைக்கவும்.
4. உள்பக்கம் வெளியே வரும்படி உரிக்கவும். சிவப்புத் தொட்டியில் போடவும்.

முதல் கையுறை இரண்டாவதுக்குள் பொட்டலம் போல மாட்டிக்கொண்டு வரும். ‘படாமல்’ என்ற சொல் இல்லாமலே படாது. ஒரு வரிக்கு ஒரு வேலை என்று வீறாப்பாகச் சொன்ன நானே இரண்டாவது, நான்காவது வரிகளில் இரண்டு வேலைகளை வைத்திருக்கிறேன், கவனித்திருப்பீர்கள். தனித்தனியாகப் பிரித்தும் பார்த்தோம். உரித்த கையுறையைக் கையில் பிடித்துக்கொண்டு அடுத்த வரியைத் தேடி நின்றார்கள். கை நிற்கக் கூடாத இடத்தில் வரியும் நிற்கக் கூடாது.

தொட்டிகளுக்கு வருவோம். 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி கையுறை சிவப்பில் போக வேண்டும்; ஒருமுறை போட்டுவிட்டு எறிகிற கவுனும் மாஸ்க்கும் மஞ்சளில். அந்த அறையில் மஞ்சள் தொட்டி பெரியது என்பதால் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. சிவப்பு, கதவோரம். நோயாளியிடமிருந்து திரும்பினால் முதலில் கண்ணில் படுவது கவுன் போட வேண்டிய தொட்டி! காகிதம் கையுறை முதலில் என்கிறது, அறை கவுன் முதலில் என்கிறது. காகிதமும் அறையும் சண்டை போட்டால் அறைதான் ஜெயிக்கும். இதை எங்களுக்குக் காட்டிக்கொடுத்தது நானோ சிஸ்டரோ இல்லை, அந்த அறையைத் துடைக்கிற அக்கா. “அந்தச் சிவப்புத் தொட்டிக்குப் போறதுக்குள்ள எல்லாரும் கவுனக் கழட்டிருவாங்க சார். நான் தெனமும் மஞ்சள்ல இருந்து கிளவுஸப் பொறுக்குறேன்” என்றார். தணிக்கை அறிக்கை எதிலும் அது வந்ததில்லை. அன்று மாலையே தொட்டிகளை இடம் மாற்றினோம். கட்டில் பக்கமிருந்து கதவை நோக்கி சிவப்புத் தொட்டி, ஹேண்ட் ரப், கண்ணாடி போடும் மூடி டப்பா, மஞ்சள் தொட்டி, இன்னொரு ஹேண்ட் ரப். நடந்தாலே பாதி வரிசை வந்துவிடும்.

பிறகு சோதனை. ஒளிரும் களிம்பு வாங்க மருத்துவமனையில் பணம் ஒதுக்கவில்லை. சிஸ்டர் மஞ்சள்தூளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துக்கொண்டு வந்தார். மஞ்சளில் உள்ள நிறப்பொருள் எண்ணெயில் கரைந்தால் புற ஊதா ஒளியில் பச்சையும் மஞ்சளுமாக ஒளிரும். விளக்குக்கு, கேண்டீன் கல்லாவில் கள்ள நோட்டுப் பார்க்க வைத்திருந்ததை இரவல் வாங்கினோம். எண்ணெய் பட்டால் ரப்பர் கையுறை நைந்துபோகும் என்பதால், பூசிய உடனே கழற்ற வைத்தோம். இந்த அறையில் ஒருமுறைகூட வேலை செய்யாதவர்களாகப் பார்த்து ஆறு பேரைக் கூப்பிட்டோம். விளக்கமே சொல்லவில்லை. காகிதம் மட்டும்தான். தயங்கினால் நாங்கள் வாய் திறக்கக் கூடாது, எந்த வரியில் தயங்கினார்கள் என்று குறித்துக்கொள்ள மட்டும் செய்ய வேண்டும். உதவாமல் உட்கார்ந்திருப்பது எத்தனை கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

விளக்கை அணைத்துப் பார்த்தபோது கையுறை வரிகள் தேறிவிட்டன. இருவருக்கு மணிக்கட்டில் கீற்று. அவர்களுக்குக் கையுறை சின்ன அளவு. கவுன் கையின் மேலே ஏறாமல் இடையில் தோல் தெரிந்திருக்கிறது. இது கழற்றும் காகிதத்தால் தீராது. உடை போடும் காகிதத்தில் ‘கையுறையைக் கவுன் கைக்கு மேலே இழுத்து விடவும்’ என்ற வரிக்குக் கீழே, ‘மணிக்கட்டில் தோல் தெரிகிறதா? பெரிய அளவு எடுக்கவும்’ என்று ஒன்று சேர்ந்தது.

சொதப்பியது நான் ரொம்பப் பெருமையாக எழுதிய வரி: ‘அறைக்கு வெளியே வந்ததும் என்-95-ஐக் கழற்றவும்.’ ஆறு பேரில் நான்கு பேர் நிலைப்படியில் நின்று, முதுகுக்குப் பின்னால் கதவு திறந்திருக்க, அங்கேயே கழற்றினார்கள். ‘வெளியே வந்ததும்’ என்றால் அவர்களுக்குக் கால் வெளியே வந்ததும். எனக்கு, கதவு மூடியதும். அறையின் காற்று அவர்களோடுதானே வெளியே வருகிறது. ஐந்தாவது ஆள் சரியாக வெளியே வந்து, கதவையும் மூடிவிட்டு, அப்புறம் திருதிருவென்று விழித்தார். அடுத்த வரி கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது! மூன்று வாரமாக அந்தக் காகிதத்தையே தடவிக்கொண்டிருந்த எங்கள் யாருக்கும் இது உறைக்கவில்லை.

காகிதத்தை வெட்டினோம். உள்ளே ஒட்டியது ‘கதவைத் திறந்து வெளியே போகவும்’ என்பதோடு முடிகிறது. எண் நிற்காமல், வெளியே இருக்கிற துண்டில் தொடர்கிறது. கதவை மூடவும். கதவு முழுதாக மூடியதா என்று பார்க்கவும். என்-95-இன் கீழ்ப் பட்டையைத் தலைக்கு மேலே எடுக்கவும். மேல் பட்டையை எடுக்கவும். பட்டையைப் பிடித்தபடியே மஞ்சள் தொட்டியில் போடவும். ஹேண்ட் ரப். கீழ்ப் பட்டை முதலில் என்பதற்கும் காரணம் இருக்கிறது. மேல் பட்டையை முதலில் எடுத்தால் மாஸ்க் கழுத்துப் பக்கம் மடிந்து தொங்கும், அதன் அழுக்கு முகம் மார்பில் உரசும். அப்போது பார்த்தால், வெளியே மஞ்சள் தொட்டியே கிடையாது. ஒரு சின்னத் தொட்டி வாங்க ஸ்டோருக்கு எழுதி, அது வர நான்கு நாள் ஆனது. அதுவரை புதுக் காகிதத்தை ஒட்டவில்லை. இல்லாத தொட்டியில் போடச் சொல்கிற காகிதத்தில் மற்ற வரிகளையும் யாரும் நம்ப மாட்டார்கள் என்றார் சிஸ்டர்.

உரக்கப் படிக்க இன்னொருவர் வேண்டும் என்பது இங்கே பகலில் நடக்கிறது. இரவில் அந்தப் பக்கத்துக்கு ஒரே ஒரு சிஸ்டர்தான். தானே உரக்கப் படித்துக்கொண்டு கழற்றுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். செய்கிறார்களா என்று எனக்குச் சந்தேகம்தான். இரவு இரண்டு மணிக்குத் தனக்குத்தானே பேசிக்கொள்ள யாருக்கு மனம் வரும்?

ஒட்டுகிற அன்று பழைய காகிதங்களைத் திரும்ப வாங்கினோம். பதிவேட்டில் ஏழு என்று இருந்தது. எட்டு கிடைத்தது. எட்டாவது யாரோ எடுத்த ஜெராக்ஸ். இரண்டாவது மாடியில் மருந்து அலமாரியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்தது. எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனோம். அந்த இளம் சிஸ்டர் எதிரே வந்தார். புதுக் காகிதம் பார்த்தீர்களா என்று கேட்டேன். “பாத்தேன் சார். ஆனா பழசுதான் எங்க வாட்ஸ்அப் குரூப்ல இருக்கு” என்று போனை எடுத்துக் காட்டினார்.